குடல் சுருங்கிய ஒருவருக்கு நார் ஏன் ஆகாது? என்ன சமைக்கலாம்?

வணக்கம் மக்களே. நாகர்கோவிலில் டயட்டீஷியனாக இருக்கிறேன், இந்த சேனலில் எப்போதும் கீரை சாப்பிடுங்கள், பயறு சாப்பிடுங்கள் என்றுதான் சொல்லிக்கொண்டிருப்பேன். இன்றைக்குச் சொல்லப் போவது அதற்கு நேர் எதிர். சிலருக்கு அதே கீரையும் பயறும் குடலை அடைத்துவிடும். அவர்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை, அதனால்தான் இந்த வீடியோ.

குலசேகரம் பக்கத்தில் ரப்பர் பால் வெட்டுகிற அண்ணன் ஒருவர் இருக்கிறார், நாற்பது வயது. பெயர் வேண்டாம், மற்றதைச் சொல்லலாம் என்று அவரே சொல்லியிருக்கிறார். விடியுமுன் தோட்டத்துக்குப் போய்விட்டு ஒன்பது மணிக்கு வந்தால் சம்பா அரிசிக் கஞ்சியும் பயறும், மத்தியானம் முருங்கைக்கீரைத் துவரன், சக்கைக் காலம் வந்தால் சக்கை. நல்ல சாப்பாடுதானே? ஆனால் சில மாதமாகவே சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழிந்ததும் தொப்புளைச் சுற்றி முறுக்கி முறுக்கி வலிக்கும், வயிற்றுக்குள் கடகடவென்று சத்தம் கேட்கும், பிறகு அடங்கிவிடும். வாயு என்று நினைத்து விட்டுவிட்டார். ஒருநாள் சக்கைச் சுளையை நிறையச் சாப்பிட்ட ராத்திரியில் வயிறு பானை மாதிரி உப்பி, பச்சையாக வாந்தி எடுத்து, காற்றுகூடப் பிரியாமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். சிடி ஸ்கேனில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்குகிற இடத்தில் குடல் சுருங்கியிருந்தது. பிறகு கொலனோஸ்கோப்பி செய்து சதைத் துணுக்கு எடுத்துப் பார்த்ததில் கிரோன் நோய் என்று தெரிந்தது, குடலில் வீக்கமும் புண்ணும் வந்து வந்து போகிற நீண்ட நாள் நோய் அது. நம் நாட்டில் குடல் டிபியும் இதே இடத்தில் இதே மாதிரி சுருக்கத்தை உண்டாக்கும், அதனால் டாக்டர்கள் அது இல்லை என்று உறுதிப்படுத்திய பிறகுதான் மருந்தைத் தொடங்கினார்கள்.

சரி, நார் இங்கே என்ன செய்கிறது? சோறு, மீன், முட்டை எல்லாம் சிறுகுடலில் கரைந்து உறிஞ்சப்பட்டுவிடும். தோல், விதை, நார் இவை கரையாது, அப்படியே கீழே போகும். அகலமான குழாயில் அது பிரச்சினை இல்லை, உண்மையில் அதுதான் மலத்துக்கு உருவம் தருகிறது. சுருங்கிய இடத்தில் அதே நார் ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு அடைப்பாகிவிடும், மடையில் சருகு சேர்ந்து அடைக்கிற மாதிரி.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். நார் குறைத்துச் சாப்பிட்டால் சுருக்கம் சரியாகாது. வீக்கத்தால் வந்த சுருக்கம் என்றால் மருந்தில் தளரும். தழும்பு இறுகி வந்தது என்றால் எண்டோஸ்கோப் வழியாக பலூன் விட்டு விரிக்க வேண்டும், இல்லையென்றால் ஆபரேஷன். அதுவரை அடைப்பு வராமல் பார்த்துக்கொள்வதுதான் சாப்பாட்டின் வேலை.

இதில் நாரை ஒரேயடியாக நிறுத்தச் சொல்வதில்லை, பெரும்பாலும் ஒரு நாளைக்கு 10 முதல் 15 கிராமுக்குள் வைத்துக்கொள்ளச் சொல்வோம். அது எவ்வளவு குறைவு என்று பாருங்கள்: வேகவைத்த சிறுபயறு ஒரு கிண்ணத்தில், அதாவது 200 கிராமில், கிட்டத்தட்ட 15 கிராம் நார் இருக்கிறது. அந்த அண்ணனின் ஒன்பது மணிக் கஞ்சியிலேயே அன்றைய கணக்கு முடிந்துவிடும்.

அதனால் அவர் வீட்டு அக்காவோடு உட்கார்ந்து அவர்கள் சமையலையே மாற்றினோம், புதிதாக எதையும் வாங்கச் சொல்லவில்லை. சம்பா அரிசிக்குப் பதில் நன்றாகத் தீட்டிய வெள்ளை அரிசி, குழையக் குழைய. பயறு இல்லாத கஞ்சி, கூட ஒரு முட்டை. காலையில் இடியாப்பம், அதற்குத் தேங்காய்த்துருவல் வேண்டாம், வடிகட்டிய தேங்காய்ப்பால். ஆப்பமும் இட்லியும் நல்லது. மீன் குழம்பை அவர்கள் விடவே மாட்டார்கள், விடவும் வேண்டாம், மீனில் நார் கிடையாது. ஆனால் நாம் தேங்காயை அரைத்து ஊற்றுகிறோமே, அந்தத் திப்பி ஆகாது. அரைப்பைத் தண்ணீர் விட்டு வடிகட்டிப் பாலை மட்டும் ஊற்றச் சொன்னேன், முதல் நாள் குழம்பு தண்ணீராக இருக்கிறது என்று குறைப்பட்டார்கள், பிறகு பழகிவிட்டது. நெய்மீன் துண்டு நல்லது, சாளையை முள்ளோடு மெல்ல வேண்டாம்.

மரச்சீனியை எல்லோரும் கேட்பீர்கள். இதோ, இந்த அவித்த துண்டை இரண்டாகப் பிளக்கிறேன் பாருங்கள், நடுவில் நூல் மாதிரி ஒன்று போகிறது, இழுத்தால் முழுதாக வருகிறது. அடைக்கிறது இதுதான். இதை எடுத்துவிட்டு, மீதியை நன்றாக மசித்துக் கொஞ்சமாகச் சாப்பிடலாம். பனங்கிழங்கில் இப்படிச் செய்ய முடியாது, அதில் நார்தான் அதிகம், அதனால் வேண்டவே வேண்டாம். சக்கை, கீரை, முருங்கைக்காய், சுண்டல், கடலை, தேங்காய்ச் சில், அன்னாசி, சோளம், காளான் இவையும் வேண்டாம். காய் சாப்பிடவே கூடாது என்றில்லை: தடியங்காய், பூசணி, சுரைக்காய், கேரட், தோலும் விதையும் நீக்கி விரலால் நசுக்கினால் நசுங்குகிற அளவுக்கு வேக வைத்தால் போதும். தக்காளியைச் சுடுதண்ணீரில் போட்டுத் தோலை உரித்து விதையையும் நீக்கிவிடுங்கள். நன்றாகப் பழுத்த மட்டிப்பழம் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளும்.

அந்த அண்ணன் முதலில் செய்த தவறு, மூன்று வேளை வயிறு முட்டச் சாப்பிட்டது. கொஞ்சம் கொஞ்சமாக ஐந்தாறு தடவை, நன்றாக மென்று, தண்ணீர் தாராளமாகக் குடித்துச் சாப்பிட வேண்டும்.

இரண்டாவது தவறு பெரியது. நார் குறைந்ததும் இரண்டு நாள் மலம் இறுகியது. யாரோ சொன்னார்கள் என்று இசப்கோல் வாங்கிக் கலக்கிக் குடிக்கப் போனார், நல்ல வேளை அதற்கு முன்னால் எனக்குப் போன் பண்ணினார். இசப்கோல் தண்ணீரை உறிஞ்சி உப்பும், சுருங்கிய குடலில் அதுவே அடைப்பாகிவிடலாம். பேதிக்கு விளக்கெண்ணெய் குடிப்பதும் இங்கே ஆபத்து. மலச்சிக்கலுக்கு எது சரி என்று உங்கள் டாக்டரிடமே கேளுங்கள்.

கிரோனோ, பெருங்குடலில் புண் வருகிற அல்சரேட்டிவ் கொலைடிஸோ, நோய் கிளம்பி வயிற்றுப்போக்கும் வலியும் இருக்கும்போதும் சில வாரங்களுக்கு இதே சாப்பாட்டைச் சொல்வார்கள். அப்போது வயிற்றுக்கு ஓய்வு கிடைக்கும், அவ்வளவுதான். சுருக்கம் இல்லாமல் நோய் மட்டும் அடங்கிவிட்டால் நாரைத் திரும்பச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் பெருங்குடலில் உள்ள நல்ல கிருமிகளுக்குத் தீனி இல்லாமல் போகும். சாதாரண மலச்சிக்கலுக்கும் வாயுவுக்கும் இந்த டயட்டை யாரும் நீங்களாகத் தொடங்காதீர்கள்.

அந்த அண்ணனுக்கு மருந்தில் வீக்கம் குறைந்து, அடுத்த ஸ்கேனில் அந்த இடம் கொஞ்சம் தளர்ந்திருந்தது. இப்போது மூன்று நாளைக்கு ஒரு புதுக் காய், அதுவும் இரண்டு ஸ்பூன் மட்டும். முறுக்கு வலி வந்தால் அதை நிறுத்திவிட்டு முந்தைய சாப்பாட்டுக்குத் திரும்புவார். வயிறு உப்பி, வாந்தி வந்து, காற்றும் மலமும் நின்றுவிட்டால் மட்டும் சாப்பாட்டை மாற்றிப் பார்க்கிற நேரம் அது இல்லை, வாயில் எதையும் வைக்காமல் நேரே அவசரப் பிரிவுக்குப் போக வேண்டும், அது ராத்திரி இரண்டு மணியானாலும்.