தலை நிமிர ஒரு நொடி

வணக்கம் நேயர்களே. மருந்துக்கடைக் கவுண்டருக்குப் பின்னால் 22 ஆண்டுகள் நின்றவன் நான். அந்த அனுபவத்திலிருந்து ஒரே ஒரு விஷயத்தைப் பற்றி இன்று பேசுகிறேன். ஒருவருக்கு மருந்து எடுத்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம். இன்னொருவர் வந்து நிற்கிறார். அவரைப் பார்த்து ஒரு தலையசைப்பு. இதில் என்ன பெரிய வித்தை என்று கேட்பீர்கள். அதை எப்போது செய்வது என்பது எனக்குப் பிடிபடவே சில ஆண்டுகள் ஆயின.

வேலைக்குச் சேர்ந்த புதிதில், முன்னால் நிற்பவரை முழுசாகக் கவனிக்க வேண்டும் என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். நானும் தலை நிமிராமல் வேலை பார்த்தேன். ஒரு நாள் மாலை, ஒருவருக்கு மருந்து எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெண் சீட்டோடு வந்து ஓரமாக நின்றார். முதலாமவரை அனுப்பிவிட்டு நிமிர்ந்தால், அவர் வாசல்படியில் இறங்கிக்கொண்டிருந்தார். கூப்பிட்டேன். திரும்பிப் பார்த்து, "நான் நிக்கிறதே உங்களுக்குத் தெரியலையே, அப்புறம் எதுக்கு நிக்கணும்?" என்றார். அவர் நின்றது மூன்று நிமிடம்கூட இருக்காது.

அவர் வந்தது எனக்குத் தெரியும். அடுத்து அவர்தான் என்று மனசுக்குள் குறித்தும் வைத்திருந்தேன். ஆனால் எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. அந்த மூன்று நிமிடமும் என்னைக் கூப்பிடலாமா, கூப்பிட்டால் கோபப்படுவேனா, இன்னொருவர் வந்து முன்னால் நுழைந்துவிடுவாரா என்றெல்லாம் யோசித்துக்கொண்டே நின்றிருப்பார்.

வரிசையில் காத்திருப்பவர்களின் மனநிலையைப் பற்றி டேவிட் மைஸ்டர் என்பவர் 1985-இல் ஒரு கட்டுரை எழுதினார். சேவைத் துறையில் இருப்பவர்கள் இன்றைக்கும் அதைச் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். நம் வேலை தொடங்குவதற்கு முன் காத்திருக்கும் நேரம், தொடங்கிய பிறகு காத்திருக்கும் நேரத்தைவிட நீளமாகத் தோன்றும் என்கிறார் அவர். மனதில் கவலை இருந்தால் அது இன்னும் நீளும். கவுண்டரில் இதை நான் தினமும் பார்த்திருக்கிறேன். தலையசைப்பைப் பெற்றவர் தன் வேலை தொடங்கிவிட்டதாகவே எடுத்துக்கொள்கிறார். தோள் தளர்கிறது, கையில் இருக்கும் சீட்டு கீழே இறங்குகிறது. அது கிடைக்காதவர் சீட்டை நெஞ்சுக்கு நேராகப் பிடித்தபடியே நிற்கிறார். கவுண்டருக்கு இன்னும் அரை அடி நெருங்கி வருகிறார்.

சரி, எப்படி அசைப்பது? கண் முதலில் சந்திக்க வேண்டும். சந்தித்த பிறகு தாடை ஒரே ஒரு முறை கீழே இறங்கி ஏற வேண்டும். கண் சந்திக்காமல் பொதுவாகத் தலையாட்டினால் அது யாருக்கும் போய்ச் சேராது. தாடையை மேலே தூக்கினால் "என்ன வேணும்?" என்று அதட்டுவது போல ஆகிவிடும். நாலைந்து முறை ஆட்டினால் "தெரியும், தெரியும், பொறு" என்று எரிச்சல்படுவது போல இருக்கும்.

கடினமான பகுதி நேரம் பார்ப்பதுதான். காத்திருப்பவரை நிமிர்ந்து பார்க்கும் அந்த ஒரு நொடி, முன்னால் நிற்பவரிடமிருந்து எடுப்பது. தவறான இடத்தில் எடுத்தால் அவருக்கு நஷ்டம். அவர் தன் உடம்புக்கு என்ன செய்கிறது என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது என் கண் அவர் தோளைத் தாண்டிப் போனால், அவரும் திரும்பிப் பார்ப்பார். அப்புறம் பேச்சு வேகமாகிவிடும். "சரி சரி, நீங்க அவங்களப் பாருங்க" என்று சீட்டை மடித்துப் பையில் வைப்பார். கேட்க வந்த கேள்வி ஒன்று அவருக்குள்ளேயே தங்கிவிடும். மருந்துக்கடையில் அது சின்ன விஷயம் இல்லை.

முன்னால் நிற்பவரின் கண் என்னை விட்டுத் தானாகவே விலகும் இடங்கள் உண்டு. பர்ஸைத் தேடும்போது, பில்லைப் படிக்கும்போது, செல்போனில் பணம் அனுப்பும்போது. அவை எனக்குக் கிடைக்கும் இடைவெளிகள். அங்கே நிமிர்ந்தால் யாருக்கும் எதுவும் குறையாது. அதேபோல, மாத்திரை எண்ணும்போதும் சீட்டில் அளவைப் படிக்கும்போதும் நான் நிமிர மாட்டேன். பாதியில் நிமிர்ந்தால் எண்ணிக்கை போய்விடும். எண்ணி முடித்து, அட்டையைக் கவுண்டரில் வைத்துவிட்டுத்தான் தலை நிமிரும். சில நொடி தாமதமானாலும் பரவாயில்லை.

ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். பெரியவர் ஒருவருக்கு மூன்று மருந்து. ஒன்று சாப்பாட்டுக்கு முன், ஒன்று பின், ஒன்று இரவில் மட்டும். இரண்டாவதை விளக்கிக்கொண்டிருந்தபோது ஓர் இளைஞர் உள்ளே வந்தார். பெரியவர் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார், அதனால் நான் நிமிரவில்லை. மூன்றாவதையும் சொல்லி முடித்து, அட்டைகளின் மேல் நேரத்தை எழுதிக் கொடுத்தேன். பெரியவர் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அதைப் படிக்கத் தொடங்கினார். அப்போது இளைஞரைப் பார்த்துத் தலையசைத்தேன். அவர் வந்து அரை நிமிடம் ஆகியிருக்கும். அவரும் தலையசைத்துவிட்டுச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

அதற்குள் ஓர் அம்மா குழந்தையோடு வந்தார். இரண்டு பேர் நிற்கும்போது வெறும் தலையசைப்பு போதாது. இரண்டு பேருமே அதைத் தனக்கு என்று எடுத்துக்கொள்வார்கள், பிறகு நான் "வாங்க" என்றதும் இருவரும் சேர்ந்து முன்னால் வருவார்கள். அதனால் அந்த அம்மாவைப் பார்த்துத் தலையசைத்த கையோடு, கண்ணை இளைஞரிடம் கொண்டுபோய் மறுபடி அம்மாவிடம் கொண்டுவந்தேன். இவருக்கு அப்புறம் நீங்கள் என்று அவருக்குப் புரிந்தது. இளைஞருக்கும் தன் இடம் பத்திரம் என்று தெரிந்தது. பெரியவர் இரவு மருந்தைப் பற்றி இன்னொரு கேள்வி கேட்டார். அவசரப்படாமல் பதில் சொல்ல முடிந்தது.

ஆனால் தலையசைப்பு ஒரு வாக்கு. அதைக் கொடுத்துவிட்டு நடுவில் போனை எடுத்துப் பேசினாலோ, பின்னால் வந்தவரை முதலில் கவனித்தாலோ, தலையசைக்காமலே இருந்திருக்கலாம். கவனிக்காமல் விட்டதைக்கூட மன்னிப்பார்கள், பார்த்துவிட்டு விட்டதை மன்னிக்க மாட்டார்கள். அதற்கு ஆயுளும் கொஞ்சம்தான். முன்னால் இருப்பவரின் வேலை இழுத்துக்கொண்டே போனால், இரண்டாவது தலையசைப்பு பலன் தராது. அப்போது வாயைத் திறந்து காரணத்தோடு சொல்லிவிட வேண்டும். "இவருக்கு ஒரு மருந்து உள்ளே தேடணும், அஞ்சு நிமிஷம் ஆகும்." இருப்பதா, போய்விட்டு வருவதா என்று அவர் முடிவு செய்துகொள்வார்.

தலையசைப்பு சென்று சேராத ஆட்களும் உண்டு. சக்கர நாற்காலியில் வருபவர் கவுண்டர் விளிம்புக்குக் கீழே இருப்பார், நாம் எட்டிப் பார்த்தால்தான் உண்டு. சின்னப் பிள்ளைகளும் அப்படியே. பார்வை இல்லாதவர்களுக்குக் குரல்தான். எங்கள் கடைக்கு வெள்ளைக் கோலோடு ஒருவர் வருவார். கோல் வாசல்படியைத் தட்டும் சத்தம் கேட்டதுமே, கையில் இருக்கும் அட்டையை எண்ணி வைத்துவிட்டு, "வாங்க சார், ஒருத்தருக்கு எடுத்துக்கிட்டிருக்கேன், அடுத்து நீங்கதான்" என்பேன். அவர் கோலைக் கவுண்டரில் சாய்த்து வைப்பார். முன்னால் நிற்பவர், அநேகமாக எல்லா நாளும், தானாகவே கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விடுவார்.