கட்டணம் வாங்காத கல்லூரி: இயேசு சபை பள்ளிக்கூடம் நடத்த வந்த கதை

அவையோருக்கு வணக்கம். இயேசு சபை என்றதும் நமக்குக் கல்லூரிதான் நினைவுக்கு வருகிறது. ஆனால் பள்ளி நடத்துவதற்காக அந்தச் சபை தொடங்கப்படவில்லை. 1534 ஆகஸ்ட் 15 அன்று பாரிஸின் மோமார்த்ர் குன்றில், பின்னாளில் சபையை நிறுவிய இஞ்ஞாசியாரும் ஆறு தோழர்களும் வார்த்தைப்பாடு கொடுத்தபோது அவர்கள் போக நினைத்த இடம் எருசலேம். வெனிஸில் காத்திருந்தும் கப்பல் கிடைக்கவில்லை. அதன்பின் ரோமுக்குப் போய்த் திருத்தந்தையின் சொல்லுக்குத் தங்களை ஒப்படைத்தார்கள். மூன்றாம் பவுல் 1540இல் சபைக்கு அங்கீகாரம் தந்தார்.

பிறகு கல்லூரி எப்படி வந்தது? அதற்கு வழிவிட்டது வறுமை விதிதான். சபையார் வாழும் இல்லங்களுக்கு நிரந்தர வருமானம் கூடாது, பிச்சையில்தான் வாழ வேண்டும் என்று வைத்திருந்தார்கள். ஆனால் படித்துக்கொண்டிருக்கும் இளைஞன் பிச்சைக்கு அலைந்தால் பாடம் ஏறாது. இஞ்ஞாசியாரே முப்பது வயதுக்கு மேல் பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தவர். படிப்புச் செலவுக்குக் கையேந்தியும் பார்த்தவர். ஆகவே கல்லூரிகள் மட்டும் நிலமும் வாடகையும் வைத்துக்கொள்ளலாம் என்று விலக்கு வைத்தார்கள். முதலில் அவை சபை மாணவர்கள் தங்கிப் படிக்கும் விடுதிகளாகவே இருந்தன.

1548இல் சிசிலியின் மெசினா நகரத்தார், வீடும் உணவும் உடையும் நாங்கள் தருகிறோம், எங்கள் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள் என்று கேட்டார்கள். இஞ்ஞாசியார் பத்துப் பேரை அனுப்பினார். தலைவர் நாதால், கூடப் போனவர்களில் ஒருவர் பின்னாளில் ஜெர்மன் நாடுகளில் பெயர்பெற்ற கனிசியுஸ். மாணவரிடம் ஒரு காசும் வாங்குவதில்லை. மூன்றே ஆண்டுகளில் ரோமிலும் இலவசப் பள்ளி திறந்தார்கள்.

கட்டணம் இல்லை என்றால் செலவு மறைந்துவிடாது. வேறொருவர் தலையில் ஏறுகிறது, அவ்வளவுதான். நகரசபையோ பிரபுவோ மானியம் எழுதிவைத்தால்தான் கல்லூரி ஓடும். 1556இல் இஞ்ஞாசியார் இறந்தபோது முப்பதுக்கு மேற்பட்ட கல்லூரிகள் இருந்தன. கேட்டவர்களுக்கெல்லாம் இசைந்துவிட்டு, கற்பிக்க ஆளில்லாமல், படிப்பை முடிக்காத இளைஞர்களை வகுப்புக்கு அனுப்பினார்கள். வகுப்பும் தளர்ந்தது, அந்த இளைஞர்களின் படிப்பும் நின்றது. 1565இல் கூடிய சபைப் பொதுப்பேரவை, புதிய கல்லூரிகளை ஏற்பதில் நிதானம் வேண்டும், இருப்பவற்றைப் பலப்படுத்துங்கள் என்று சொல்ல வேண்டியதாயிற்று.

இனி வகுப்புக்குள் போவோம். பாரிஸ் பல்கலைக்கழக முறைப்படி மாணவரைத் தரம் பிரித்தார்கள்: இலக்கணம் மூன்று படி, பிறகு இலக்கியம், பிறகு சொல்லாட்சி. ஒரு படி கைவந்தால்தான் அடுத்தது. பல ஆண்டு சோதித்துத் திருத்திய பாடத்திட்டம் 1599இல் சபைத் தலைவர் அக்வாவீவா தலைமையில் இறுதி வடிவம் பெற்றது.

அதன்படி கீழ் வகுப்பில் ஒரு நாளைப் பாருங்கள். காலை வந்ததும் பையன்கள் நேற்றைய பாடத்தைத் தங்கள் பத்துப்பேர் குழுத் தலைவனிடம் ஒப்பிப்பார்கள். குழுத் தலைவனும் ஒரு மாணவன்தான். அந்த நேரத்தில் ஆசிரியர் ஒவ்வொருவராக அழைத்து எழுத்துவேலையைத் திருத்துவார். பிறகு புதுப் பாடம்: இலத்தீன் எழுத்தாளர் சிசரோவிலிருந்து நான்கு வரி, அதற்கு மேல் கூடாது. முழுவதையும் வாசிப்பார், சாரத்தைச் சொல்வார், வாக்கியம் வாக்கியமாகப் பிரிப்பார், வேற்றுமையையும் வினையையும் காட்டுவார். சனிக்கிழமை வாரம் முழுவதற்கும் மறுபடிப்பு. அடி கொடுக்க வேண்டுமானால் ஆசிரியர் கை வைக்கக்கூடாது. அதற்கென்று சபைக்கு வெளியிலிருந்து ஓர் ஆளை வைத்துக்கொள்ள வேண்டும். மாணவன் கண்ணில் ஆசிரியரின் கை பிரம்பைப் பிடித்த கையாக இருக்கக்கூடாது என்ற கணக்குப் போலும்!

இந்தப் பயிற்சிதான் கப்பலேறியது. வேற்றுமை, காலம், திணை என்று ஒரு மொழியை அடுக்கிப் பார்க்கப் பழகியவனுக்குப் புதிய மொழி வந்தாலும் எங்கே தொடங்குவது என்று தெரியும். ரோமக் கல்லூரியில் கிளாவியுஸிடம் கணிதம் படித்துச் சீனாவுக்குப் போன சபைக் குரு ரிச்சி, யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு நூல்களைச் சீன அறிஞர் சூ குவாங்சியோடு சேர்ந்து சீனத்தில் 1607இல் வெளியிட்டார். மூலமாக வைத்துக்கொண்டது தம் ஆசிரியரின் பதிப்பை. கோவாவில் புனித பவுல் கல்லூரி இயங்கியது. 1556இல் அங்கே அச்சு இயந்திரம் வந்திறங்கியது.

நம் முத்துக்குளித்துறையில் சவேரியார் பரதவரிடையே பணிசெய்துவிட்டுப் போனபின் வந்தவர் என்ரிக்கே என்ரிக்கஸ். செபங்களை மனப்பாடமாக ஒப்பித்தால் போதாது என்று அவர் தமிழைக் கற்றார். இலத்தீன் இலக்கணத்தை வார்ப்பாக வைத்துப் போர்த்துகீசியத்தில் தமிழ் இலக்கணம் ஒன்றும் எழுதினார். அந்த வார்ப்புக்குள் தமிழ் முழுதாக அடங்கவில்லை. தொல்காப்பிய வழியில் பார்ப்பவருக்கு அது புதிய கண்ணாடி. ஆனாலும் அடுத்து வந்த குருக்களுக்கு அது கையேடானது. 1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அவருடைய ‘தம்பிரான் வணக்கம்’ என்ற மறைக்கல்வி நூல் தமிழ் எழுத்தில் அச்சாகி வெளிவந்தது. மொத்தம் 16 பக்கம்.