ஏசி சர்வீஸுக்கு 2 மார்க் போட்டவரிடம் என்ன கேட்டேன்?

வணக்கம். போன வீடியோவில் எங்கள் ஏசி சர்வீஸ் கம்பெனியின் என்.பி.எஸ்., அதாவது வாடிக்கையாளர்கள் எங்களை மற்றவருக்குப் பரிந்துரைப்பார்களா என்று காட்டும் ஸ்கோர், 30 என்று சொன்னேன். அது எப்படி வந்தது என்று பலர் கேட்டிருந்தீர்கள். "எங்களை உங்கள் நண்பருக்குச் சொல்வீர்களா?" என்ற கேள்விக்கு 0 முதல் 10 வரை மார்க். 80 பேர் பதில் அனுப்பினார்கள். 9, 10 போட்டவர்கள் 44 பேர், அதாவது 55 சதவீதம். 6-ம் அதற்குக் கீழேயும் போட்டவர்கள் 20 பேர், 25 சதவீதம். 55-இல் 25 போனால் 30. நடுவில் 7, 8 போட்ட 16 பேர் மொத்தம் 80-இல் சேருவார்கள், ஆனால் இந்தக் கழித்தலில் வருவதில்லை.

இன்றைய பேச்சு அந்த 20 பேரைப் பற்றித்தான். பாதிப் பேர் எழுதியது "சர்வீஸ் சரியில்லை" என்று ஒரே வரி. இதை வைத்து எதைத் திருத்துவது? அதனால் இரண்டு நாளுக்குள் நானே ஒவ்வொருவருக்கும் போன் செய்தேன். சமாதானம் சொல்லவில்லை, தள்ளுபடியும் பேசவில்லை. "எங்கள் ஆள் வந்து போனபிறகு என்ன நடந்தது?" என்று மட்டும் கேட்டேன். முதலில் "டெக்னீஷியன் சரியாகச் செய்தாரா?" என்றுதான் கேட்டுக்கொண்டிருந்தேன். அப்படிக் கேட்டால், பையனுக்கு வேலை போய்விடுமோ என்று பயந்து "பரவாயில்லை சார்" என்று முடித்துவிடுகிறார்கள்.

2 போட்ட ஒருவர் சொன்னார்: "நாலாவது நாளே சுவரில் தண்ணீர் வழிந்தது சார்." இப்படி 20-இல் 9 பேர்! ஜாப் கார்டுகளை எடுத்துப் பார்த்தேன். பில்டர், காயில் எல்லாம் கழுவியிருக்கிறார்கள். கழுவிய அழுக்கு ஏசிக்குள் தண்ணீர் சேரும் டிரேயில் இறங்கி, இரண்டொரு நாளில் டிரெயின் பைப்பை அடைத்திருக்கிறது. கார்டில் "டிரெயின் செக்" என்று ஒரு கட்டம் இருக்கிறது, எல்லோரும் டிக் அடித்திருக்கிறார்கள். அந்தக் கார்டை எழுதியவன் நான், ஆனால் எதைச் செக் செய்ய வேண்டும் என்று சொல்லவே இல்லை.

இப்போது அந்தக் கட்டம் கிடையாது. வேலை முடிந்ததும் டிரேயில் ஒரு லிட்டர் தண்ணீரை மெதுவாக ஊற்ற வேண்டும். வெளிப்பக்கம் பைப் முனையில் அது வருவதைச் சின்ன வீடியோ எடுத்து அனுப்பினால்தான் ஜாப் முடியும். கூடுதலாக ஐந்து நிமிடம் ஆகிறது, அதனால் ஒரு நாளைய ஜாப்பில் ஒன்றைக் குறைத்தேன். குறைக்காமல் விட்டால் மறுபடி டிக் மட்டும்தான் வரும்.

சரி, திருந்தியதா என்று ஸ்கோரை வைத்துப் பார்க்காதீர்கள். 80 பேர் பதிலில் பதினைந்து புள்ளி ஏறுவதும் இறங்குவதும் சும்மாவே நடக்கும். நான் பார்ப்பது சர்வீஸ் முடிந்த 30 நாளுக்குள் "தண்ணீர் சொட்டுகிறது" என்று திரும்ப வரும் அழைப்புகளை. அப்புறம், ஸ்கோரை வைத்து டெக்னீஷியன்களுக்குப் போனஸ் தரவே தராதீர்கள். "சார், 10 போடுங்க" என்று வாசலிலேயே கேட்க ஆரம்பித்துவிடுவார்கள்.

அந்த 2 போட்டவரிடம் போன வாரம் மறுபடி பேசினேன். "தண்ணீர் நின்றுவிட்டது சார், சுவரில் கறை அப்படியே இருக்கிறதே?" என்றார். நாளைக்குப் பெயின்டர் போகிறார்.