மேசையில் வைத்த கைபேசி எப்போது பூட்டிக்கொள்கிறது?

நேயர்களுக்கு வணக்கம்.

கைபேசியை மேசையில் வைத்துவிட்டு எழுந்து போகிறீர்கள். திரை அணைந்ததும் அது பூட்டிக்கொண்டது என்றுதான் நம்மில் பலர் நினைக்கிறோம். ஆண்ட்ராய்டு கைபேசியில் அப்படி இல்லாமலும் இருக்கலாம். திரை அணைய ஒரு நேரம் உண்டு. அணைந்த பிறகு பூட்டு விழ இன்னொரு நேரம் உண்டு. முதலாவது 'டிஸ்பிளே' அமைப்பில் இருக்கிறது. இரண்டாவது பாதுகாப்பு அமைப்புக்குள், பெரும்பாலும் 'ஸ்கிரீன் லாக்' பக்கத்தில் தெரியும் பல்சக்கரக் குறிக்குள் ஒளிந்திருக்கிறது.

என் தங்கையின் கைபேசியில் முதலாவது 2 நிமிடம், இரண்டாவது 5 நிமிடம் என்று இருந்தது. இருவரும் அதை மேசையில் வைத்துப் பார்த்தோம். இரண்டாம் நிமிடத்தில் திரை கறுத்தது. ஆறாம் நிமிடத்தில் பக்கவாட்டுப் பொத்தானை அழுத்தினேன். விரல்ரேகை, எண் எதுவும் கேட்காமல், அவள் கடைசியாகப் படித்த செய்தி அப்படியே திறந்தது. மொத்தம் 7 நிமிடம் யாரும் எடுக்கலாம். எடுத்துத் தொட்டுக்கொண்டே இருந்தால் கணக்கு மறுபடி முதலிலிருந்து ஓடும்.

இரண்டாவது நேரத்தை 'உடனே' என்று மாற்றினோம். விரல் வைத்தாலே திறந்துவிடுவதால் அதில் பெரிய சிரமம் இல்லை. உண்மையில் எரிச்சல் தருவது, படித்துக்கொண்டிருக்கும்போதே திரை அணைவதுதான். அதனால் திரை நேரத்தை 15 விநாடிக்குக் குறைக்காமல் 1 நிமிடம் விட்டோம். பொத்தானை அழுத்தியதும் பூட்டும் வசதியையும் இயக்கினோம். கீழே வைக்கும்போது அழுத்திவிட்டால் அந்த 1 நிமிடமும் மிச்சமில்லை.

அழுத்த மறந்தால்? அதற்குத்தான் செயலிப் பூட்டு. எல்லாவற்றுக்கும் போட்டால் இரண்டே நாளில் சலித்து எடுத்துவிடுவீர்கள். நான் முதலில் போடச் சொல்வது குறுஞ்செய்திக்கும் மின்னஞ்சலுக்கும். ஒருமுறைக் கடவுச்சொல் வருவது ஒன்றில், கடவுச்சொல்லை மாற்றும் இணைப்பு வருவது மற்றதில். வாட்ஸ்அப்பில் பூட்டு அதன் உள்ளேயே இருக்கிறது. ஆண்ட்ராய்டில் உடனே, 1 நிமிடம், 30 நிமிடம் என்று மூன்று தெரிவுகள். அடிக்கடி உள்ளே வெளியே போய் வருபவருக்கு 1 நிமிடம் பொருந்தும். 30 நிமிடத்தை, மேசையில் வைத்துப் போகிறவர் தேர்ந்தெடுக்கவே வேண்டாம்.

ஒன்று கவனியுங்கள். செயலியைப் பூட்டினாலும் அறிவிப்பில் செய்தியின் வரிகள் தெரியக்கூடும். இன்றே கைபேசியைப் பூட்டி வைத்து, வேறொரு எண்ணிலிருந்து உங்களுக்கே ஒரு செய்தி அனுப்பிப் பாருங்கள். பூட்டிய திரையில் அதைப் படிக்க முடிந்தால், அறிவிப்பு அமைப்பில் உள்ளடக்கத்தை மறைத்துவிடுங்கள்.

நன்றி, வணக்கம்.