ரிச்சர்ட்ஸின் 189, ரோகித்தின் 264: எது பெரிது?

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, என்னை அழைத்துப் பேசச் சொன்ன செயலாளர் அவர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மூத்த நடுவர் அய்யா அவர்களே, நூலகர் அம்மா அவர்களே, எல்லாருக்கும் என் வணக்கம். தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்னதில் பாதிக்குத்தான் நான் தகுதியானவன். மீதிப் பாதி, எனக்கு ஸ்கோர் எழுதக் கற்றுக்கொடுத்த பெரியவர்களுக்குச் சேரவேண்டியது. நடுவர் அய்யா எதிரில் உட்கார்ந்திருக்கும்போது கிரிக்கெட் விதிகளைப் பற்றிப் பேசுவது எனக்குக் கொஞ்சம் நடுக்கம்தான். தவறு இருந்தால் அங்கிருந்தே கையை உயர்த்துங்கள் அய்யா, நிறுத்திவிடுகிறேன்.

இன்றைக்கு மூன்று விஷயம் பேசலாம் என்று வந்தேன். வேறு வேறு காலத்து ஆட்டக்காரர்களை ஒப்பிடுவது ஒன்று. வேறு வேறு மைதானங்களில் ஆடியவர்களை ஒப்பிடுவது இரண்டாவது. வேறு வேறு லீக்குகளில் ஆடியவர்களை ஒப்பிடுவது மூன்றாவது. மூன்றுக்கும் என் கையில் இருப்பது ஒரே பழமொழிதான்: ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு.

முதலில் ஒரு கதை. 1984 மே 31. மான்செஸ்டர், ஓல்டு டிராஃபோர்டு மைதானம். இங்கிலாந்துக்கும் வெஸ்ட் இண்டீஸுக்கும் ஒருநாள் போட்டி. அன்றைக்கு அங்கே ஓர் அணிக்கு 55 ஓவர். வெஸ்ட் இண்டீஸ் முதலில் ஆடுகிறது. ஹேன்ஸ் 1 ரன். கிரீனிட்ஜ் 9. ரிச்சர்ட்சன் 6. கோம்ஸ் 4. கேப்டன் லாயிட் 8. டூஜான் பூஜ்யம். மார்ஷல் 4. ஒவ்வொருவராக வந்து பெவிலியனுக்குத் திரும்பிக்கொண்டே இருக்கிறார்கள். உலகமே பயந்த அணி, 102 ரன்னுக்கு ஏழு விக்கெட்! மறுமுனையில் ஒரே ஒரு மனிதர் மட்டும் நிற்கிறார், விவியன் ரிச்சர்ட்ஸ். எட்டாவது விக்கெட்டுக்கு பாப்டிஸ்ட் கொஞ்சம் துணை நின்று 26 எடுத்தார். அப்புறம் அவரும் போனார். கார்னர் 3 ரன்னில் போனார். 166-க்கு ஒன்பது விக்கெட். கடைசி ஆளாக மைக்கேல் ஹோல்டிங் வருகிறார். பந்து வீசுவதில் அவர் புயல், மட்டை பிடிப்பதில் அப்படி இல்லை. அந்தக் கடைசி ஜோடி பிரியவே இல்லை. 106 ரன் சேர்த்தார்கள், அதில் ஹோல்டிங்கின் பங்கு 12. மீதி ரன் எங்கிருந்து வந்தது என்று நான் சொல்லவேண்டியதில்லை. 55 ஓவர் முடியும்போது வெஸ்ட் இண்டீஸ் 272, ரிச்சர்ட்ஸ் ஆட்டமிழக்காமல் 189. இங்கிலாந்து பதிலுக்கு 168 ரன்னில் சுருண்டது.

அடுத்த காட்சி. 2014 நவம்பர் 13, கொல்கத்தா ஈடன் கார்டன்ஸ். இலங்கைக்கு எதிராக ரோகித் சர்மா 264. இந்தியா 404. இலங்கை 251.

264 பெரிதா, 189 பெரிதா? கணக்கு வாத்தியாரிடம் கேட்டால் 264 என்பார். டீக்கடை வாசலில் கேட்டால் வயதைப் பொறுத்துப் பதில் வரும். நான் கேட்பது வேறு. அன்றைக்கு அந்த ஆடுகளத்தில், அந்தப் பந்தை வைத்துக்கொண்டு, மற்றவர்களுக்கு ரன் எவ்வளவு எளிதாகக் கிடைத்தது?

அதை அளக்கலாம். ரிச்சர்ட்ஸ் 189 ரன்னை 170 பந்தில் எடுத்தார். 100 பந்துக்கு 111 ரன். இப்போது அவரை அந்த ஆட்டத்திலிருந்து தூக்கிவிடுங்கள். அவருடைய அணியில் மற்றவர்களும் உதிரி ரன்களும் சேர்ந்து 83, அதற்குச் சுமார் 160 பந்து. இங்கிலாந்து 50 ஓவரில், அதாவது 300 பந்தில், 168. இரண்டையும் கூட்டினால் 460 பந்தில் 251 ரன். 100 பந்துக்கு 55-க்குக் கொஞ்சம் குறைவு. மற்றவர்கள் எடுத்ததைப் போல இரண்டு மடங்கு வேகத்தில் ரிச்சர்ட்ஸ் ரன் எடுத்திருக்கிறார்.

ரோகித் 264 ரன்னை 173 பந்தில் எடுத்தார், 100 பந்துக்கு 153. அவரை நீக்கினால் இந்தியாவின் மீதி 140 ரன், சுமார் 127 பந்து. இலங்கை 43.1 ஓவரில் 251, அதாவது 259 பந்து. மொத்தம் 386 பந்தில் 391 ரன். அன்றைக்கு மற்றவர்களே பந்துக்கு ஒரு ரன் எடுத்துக்கொண்டிருந்தார்கள். ரோகித் அவர்களைவிட ஒன்றரை மடங்கு.

ஒன்றரை மடங்கு என்பது அசாத்தியமான ஆட்டம். ரோகித்தைக் குறைத்துப் பேச நான் வரவில்லை. ஆனால் 111, 153 என்ற இரண்டு எண்களை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் வரிசை தலைகீழாக அல்லவா தெரிகிறது?

இதில் ஒரு நுட்பம் கவனியுங்கள். மற்றவர்கள் 100 பந்துக்கு எடுத்த ரன்னைத்தான் அடிப்படை எண் என்கிறேன். அதைக் கணக்கிடும்போது அந்த ஆட்டக்காரரையே நீக்கினேன். நீக்காவிட்டால் அவர் அடித்த அடியே சராசரியை ஏற்றிவிடும், அவர் தன்னோடு தானே போட்டி போடுவார். பலர் செய்யும் பிழை இதுதான்.

இன்னொரு பக்கமும் சொல்லவேண்டும். ஒரே ஆட்டத்தை வைத்து அடிப்படை எண் எடுப்பது ஆபத்து. 460 பந்து மிகச் சின்ன மாதிரி. அந்த 160 பந்தில் ஒரு பகுதியைக் கடைநிலை ஆட்டக்காரர்கள் ஆடியிருக்கிறார்கள். ஹோல்டிங்கோடு ஒப்பிட்டால் யார்தான் உயரமாகத் தெரியமாட்டார்கள்? அதனால் முழு ஆட்ட வாழ்க்கையை எடுப்பதுதான் முறை. ரிச்சர்ட்ஸ் 1975 முதல் 1991 வரை 187 ஒருநாள் போட்டி ஆடினார், ஸ்ட்ரைக் ரேட், அதாவது 100 பந்துக்கு எடுத்த ரன், 90.20. 1980-களில் ஒருநாள் போட்டிகளில் ஓவருக்குச் சுமார் நாலரை ரன், அதாவது உதிரி உட்பட 100 பந்துக்கு 75. ரிச்சர்ட்ஸ் அதைப் போல 1.2 மடங்கு. 2010-களின் பிற்பாதியில் ஓவருக்கு ஐந்தைத் தாண்டிவிட்டது. கணக்குக்காக ஐந்தேகால் என்று வைத்துக்கொண்டால் 100 பந்துக்கு 87.5. அதன் 1.2 மடங்கு 105. அதுவும் 47 ரன் சராசரியோடு! வேகமாக ஆடினால் விக்கெட் போகும் என்பதால், இந்த இரண்டு எண்ணையும் ஒன்றாகப் பார்க்காமல் எந்த முடிவுக்கும் வரக்கூடாது.

சூழல் ஏன் மாறியது? 2011 அக்டோபர் முதல் 2025 நடுப்பகுதி வரை, இன்னிங்ஸ் முழுக்க ஒவ்வொரு முனைக்கும் ஒரு புதுப் பந்து. பந்து பழையதாகிக் கிழடு தட்டுவதற்குள் இன்னிங்ஸ் முடிந்துவிட்டது. 2012-லிருந்து வட்டத்துக்கு வெளியே நான்கு பேருக்கு மேல் நிற்கக்கூடாது என்றார்கள், 2015-ல் கடைசிப் பத்து ஓவருக்கு மட்டும் ஐந்தாக்கினார்கள். ரோகித்தின் 264 அந்த நான்கு பேர் காலத்தில் வந்தது. இப்படி விதி மாறும் ஆண்டுகளில் சூழலும் மாறுகிறது. ஆகவே பத்தாண்டைக் கட்டாகக் கட்டி ஒரே சராசரி எடுக்காமல், அந்தந்த ஆண்டுக்கு அந்தந்த ஆண்டின் எண்ணால் வகுத்து, ஆட்டக்காரர் ஆடிய பந்துகளின் எடையோடு சேர்க்கவேண்டும்.

சரி, ஆண்டுவாரியாக எடுக்கலாம் என்றால் ஆரம்ப காலத்தில் கை வைக்கவே முடியவில்லை. முதல் ஒருநாள் சர்வதேசப் போட்டி 1971 ஜனவரியில். அந்தப் பத்தாண்டு முடியும்வரை உலகம் முழுக்க ஆடிய ஒருநாள் போட்டிகள் நூறைத் தொடவில்லை. 1975 உலகக்கோப்பையில் கவாஸ்கர் 174 பந்தில் 36 எடுத்த அந்த ஒரே இன்னிங்ஸ், அந்த ஆண்டின் சராசரியையே கீழே இழுத்துவிடும். இதைவிடப் பெரிய சங்கடம் ஒன்று உண்டு. அந்தக் காலத்துப் பல ஆட்டங்களில் யார் எத்தனை பந்து ஆடினார் என்பதே பதிவில் இல்லை. ரன் இருக்கிறது, பந்து இல்லை. வகுப்பதற்குக் கீழே எண் இல்லை.

ஆற்றிலே போட்டாலும் அளந்து போடு என்றார்கள். நாம் போட்டுவிட்டோம், அளக்கவில்லை. நான் இத்தனை ஆண்டாக ஊர் ஊராகப் பேசிவருவது இதற்காகத்தான்.

ஏன் இல்லாமல் போனது? பழைய ஸ்கோர் புத்தகத்தில் பேட்ஸ்மேன் வரிசையில் 1, 4, 2 என்று ரன் மட்டும் எழுதுவார்கள். ரன் எடுக்காத பந்துகளுக்கான புள்ளிகள் எல்லாம் பவுலரின் கட்டத்துக்குள் இருக்கும். அந்தப் புள்ளி யாருக்கு வீசிய பந்து என்று அங்கே எழுதியிருக்காது.

ஆனால் புத்தகம் கையில் இருந்தால் மீட்கலாம். ஓர் ஓவரின் கட்டத்தில் புள்ளி, 1, புள்ளி, புள்ளி, 4, புள்ளி என்று இருக்கிறது என்று வையுங்கள். முதல் இரண்டு பந்தை ராமு ஆடினார், இரண்டாவதில் ஒரு ரன். முனை மாறியது. மீதி நான்கு பந்தும் சோமுவுக்கு. சோமுவின் வரிசையில் அந்த இடத்தில் ஒரு 4 இருந்தால் சரி பார்த்தாயிற்று. அடுத்த ஓவரை ராமு எதிர்கொள்வார். இப்படியே சங்கிலி போட்டுக்கொண்டு போகலாம். சங்கிலி அறுவது எங்கே? ரன் அவுட்டில் அறும். லெக்பை சரியாகக் குறிக்காத இடத்தில் அறும். கேட்ச் பிடிக்கும்போது இருவரும் குறுக்கே கடந்துவிட்டார்களா என்று எழுதாத இடத்தில் அறும். கடந்திருந்தால் அடுத்த பந்து பழைய ஆளுக்கு, இல்லையென்றால் புது ஆளுக்கு. இன்றைய விதியில் அந்தக் குழப்பம் இல்லை, அன்றைக்கு இருந்தது. நடுவர் அய்யா தலையாட்டுகிறார், தெம்பாக இருக்கிறது. அறுந்த இடத்தில் இரண்டு வழியாகவும் போட்டுப் பார்த்தால், நான்கைந்து ஓவருக்குள் ஏதாவது ஒரு வழி ரன் வரிசையோடு முரண்படும். அந்த வழியை விட்டுவிடவேண்டும்.

என் கண்ணெதிரே ஒரு சங்கத்தின் அலமாரியிலிருந்து பதினாறு புத்தகங்கள் பழைய பேப்பர்காரருக்குப் போயின. ஒரு வாரம் தாமதமாகப் போனேன். அந்தச் சங்கத்தின் ஆட்டக்காரர்களை இனி எந்தக் காலத்து ஆட்டக்காரரோடும் யாராலும் ஒப்பிட முடியாது. அவர்கள் எடுத்த ரன் செய்தித்தாளில் இருக்கும். எத்தனை பந்தில், எந்தச் சூழலில் என்பது எங்கும் இராது.

மைதானங்களைப் பற்றியும் சொல்வதாகச் சொன்னேன். அதற்கும் இதே வகுத்தல்தான்: அந்த மைதானத்தில் இரு அணிகளும் எடுத்த ரன்னை, அதே அணிகள் வெளியே எடுத்ததோடு ஒப்பிடவேண்டும். லீக்குகளுக்கு, இரண்டிலும் ஆடியவர்களே பாலம். செயலாளர் அவர்கள் கடிகாரத்தைப் பார்க்கிறார், அதை இன்னொரு நாள் விரிவாகப் பேசுகிறேன்.

உங்கள் வீட்டுப் பரணில், அப்பாவின் பெட்டியில், சங்கத்து அறையில் ஸ்கோர் புத்தகம் இருந்தால் வெளியே எடுங்கள். அட்டை கிழிந்திருந்தாலும் பரவாயில்லை. பக்கம் பக்கமாகக் கைபேசியில் படம் எடுங்கள், பவுலர் கட்டத்தின் புள்ளிகள் தெளிவாகத் தெரியவேண்டும், வெளிச்சம் பக்கவாட்டில் விழட்டும். பென்சிலில் எழுதியதை மையால் மேலெழுதாதீர்கள். ஆட்டத்தின் தேதியையும் எத்தனை ஓவர் ஆட்டம் என்பதையும் தனித் தாளில் குறித்து உள்ளே வையுங்கள். நூலகர் அம்மா ஓர் அலமாரி ஒதுக்கித் தருவதாக இன்று காலைதான் சொன்னார், அவருக்கு என் நன்றி. கூட்டம் முடிந்ததும் வாசல் பக்கம் மேசையில் உட்கார்ந்திருப்பேன். புத்தகம் கொண்டு வந்திருப்பவர்கள் அங்கே வாருங்கள், முதல் ஓவரைச் சேர்ந்தே பிரித்துப் பார்ப்போம்.