குற்றாலம் போன கணக்கு: நாலு தடவை அனுப்பினா முடிஞ்சுது

கேள்வி: அண்ணாச்சி, பாளையங்கோட்டையில இருந்து நாங்க ஆறு பேரு ரெண்டு நாள் குற்றாலம் போயிட்டு வந்தோம். வேனுக்கு டீசலோட 6000 இசக்கி கொடுத்தான். ரூமுக்கு 3000, மறுநாள் காலை டிபனுக்கு 800, ரெண்டும் சுடலை. முந்தின ராத்திரி பார்டர்ல பரோட்டா, கோழிக்கு 2000 செல்வம். மறுநாள் அருவிக்கரையில டீ, வடைக்கு 400 ஆறுமுகம். பேச்சிமுத்துவும் மாடசாமியும் ஒண்ணும் கொடுக்கல. மாடசாமி மறுநாள் காலையிலதான் பஸ்ஸுல வந்து சேர்ந்தான். ஆறுமுகம் சைவம், ராத்திரி தனியா சாப்பிட்டுக்கிட்டான். யாரு யாருக்கு எவ்வளவு கொடுக்கணும்? ஆளாளுக்கு மாத்தி மாத்தி அனுப்பிக்கிட்டு இருக்காம, குறைஞ்ச தடவையில முடிக்கணும்.

பதில்: மொத்தம் 12,200 வருது. அதை ஆறால மட்டும் வகுத்துராதீங்க தம்பி. வகுத்தா தலைக்கு 2033 சொச்சம். மாடசாமி படுக்காத ரூமுக்கும், கண்ணால பாக்காத கோழிக்கும் சேர்த்து அழணும். பெறவு அடுத்த சாரலுக்குக் கூப்பிட்டா வருவானா?

ஒரு பேப்பரை எடுங்க. ஒவ்வொரு பில்லையும் எழுதி, அதுக்குக் கீழ கொடுத்தவன் பேரு இல்ல, அனுபவிச்சவன் பேரை எழுதுங்க. வேனுக்கு ஆறு பேரு, தலைக்கு 1000. ரூமுக்கு மாடசாமி நீங்கலா அஞ்சு பேரு, 600. பரோட்டாவுக்கு ஆறுமுகமும் மாடசாமியும் கிடையாது, நாலு பேருக்கு 500. டிபனும் டீ வடையும் சேர்த்து 1200, ஆறு பேருக்கு 200. இப்போ கூட்டுனா இசக்கி, சுடலை, செல்வம், பேச்சிமுத்து நாலு பேருக்கும் ஆளுக்கு 2300 விழுது. ஆறுமுகத்துக்கு 1800, மாடசாமிக்கு 1200.

வேன்ல மாடசாமி ஒரு வழிதானே வந்தான், அவனுக்கு முழுப் பங்கு போடலாமான்னு ஒரு கேள்வி இருக்கு. வேன் வாடகை ரெண்டு நாளைக்குப் பேசுனது, அவன் வரலைன்னாலும் அதே காசுதான்னு நான் ஆறு பேருக்கும் போட்டுட்டேன். அவன் பஸ் டிக்கெட்டைப் பொதுக் கணக்குல சேர்க்கணும்னு உங்களுக்குத் தோணுச்சுன்னா, அதை மாடசாமி கொடுத்த இன்னொரு பில்லா எழுதிக்கிடுங்க. அதைப் பேசித்தான் முடிக்கணும், கணக்கு அதுக்குப் பதில் சொல்லாது.

இனி கொடுத்ததுல இருந்து பங்கைக் கழிங்க. இசக்கி 6000 கொடுத்தான், பங்கு 2300, அவனுக்கு 3700 வரணும். சுடலை 3800 கொடுத்தான், 1500 வரணும். செல்வம் 2000 கொடுத்தான், 300 தரணும். ஆறுமுகம் 1400, மாடசாமி 1200, பேச்சிமுத்து 2300 தரணும். வரவேண்டியது 5200, தரவேண்டியதும் 5200. ரெண்டும் ஒக்கலைன்னா வகுத்ததுலயோ கூட்டுனதுலயோ எங்கயோ பிசகு, மேல போகாம திரும்பப் பாருங்க.

ஆனா ஒக்குதேன்னு நம்பி உக்காந்துராதீங்க. மாடசாமி பேரை ரூம்ல தப்பாச் சேர்த்து ஆறால வகுத்திருந்தாலும் இந்த ரெண்டும் ஒக்கத்தான் செய்யும். ஒரு பில்லையே எழுத மறந்திருந்தாலும் ஒக்கும். நான் கடைக் கணக்கு எழுதுன காலத்துல இப்படி ஒத்துப்போன தப்பைத் தேடியே பல ராத்திரி தூக்கம் போயிருக்கு. அதனால குரூப்புல அனுப்பும்போது கடைசி எண்ணை மட்டும் அனுப்பாதீங்க. பில்லும் அதுக்குக் கீழ உள்ள பேரும் உள்ள பேப்பரை அப்படியே போட்டோ எடுத்துப் போடுங்க. "ஏலே, நான் அன்னைக்கு கோழி திங்கலையே"ன்னு சொல்லவேண்டியவன் அதைப் பாத்துத்தான் சொல்லுவான்.

இப்போ அனுப்புற கதைக்கு வருவோம். பில்லுக்குப் பில்லு, பங்குக்காரன் எல்லாரும் கொடுத்தவனுக்கு அனுப்புறதுன்னா 22 தடவை ஆகும், எண்ணிப் பாருங்க. பாக்கியைக் கழிச்சு வச்சுக்கிட்டா, எத்தனை பேரோ அதுல ஒண்ணு குறைச்சலுக்குள்ள எப்பவும் முடிஞ்சிரும். ஏன்னா தரவேண்டியவன், வரவேண்டியவன் ரெண்டு பேருல யாரு தொகை சின்னதோ அந்தத் தொகையை அனுப்பினா, ஒவ்வொரு தடவையும் ஒரு ஆளாவது கணக்குல இருந்து கழண்டுருவான். கடைசித் தடவை ரெண்டு பேரு ஒண்ணாக் கழலுவாங்க. ஆறு பேருக்கு அஞ்சு.

இதுல நிறையப் பேரு செய்யுற வழி, ஒவ்வொரு தடவையும் அதிகம் தரவேண்டியவனை அதிகம் வரவேண்டியவனோட கோக்குறது. உங்க கணக்குல செஞ்சு பாருங்க. பேச்சிமுத்து இசக்கிக்கு 2300 கொடுத்துட்டான், இசக்கிக்கு இன்னும் 1400 வரணும். இப்போ அதிகம் வரவேண்டியவன் சுடலை, அவனுக்கு 1500. அதிகம் தரவேண்டியவன் ஆறுமுகம், 1400. கொடுத்தாச்சு, சுடலைக்கு ஒரு 100 தொங்குது. மாடசாமி 1200-ஐ இசக்கிக்குக் கொடுத்தா அவனுக்கு ஒரு 200 தொங்குது. கடைசியில பாவம் செல்வம், 300 ரூவா தரவேண்டியவன், இசக்கிக்கு 200, சுடலைக்கு 100-ன்னு ரெண்டு தடவை அனுப்பணும். மொத்தம் அஞ்சு.

கோக்குறதுக்கு முன்னாடி கொஞ்சம் கண்ணை ஓட்டியிருந்தா தெரிஞ்சிருக்கும். இசக்கிக்கு 3700. பேச்சிமுத்து 2300, ஆறுமுகம் 1400, கூட்டுனா அதே 3700. சுடலைக்கு 1500. மாடசாமி 1200, செல்வம் 300, கூட்டுனா 1500. ஆறு பேரு ரெண்டு குடும்பமாப் பிரிஞ்சுட்டாங்க பாருங்க, ஒவ்வொரு குடும்பத்துக்குள்ளயும் மூணு பேரு, ரெண்டு தடவை. மொத்தம் நாலு. இதுக்குக் கீழ போகவே முடியாது, ஏன்னா தரவேண்டியவங்களே நாலு பேரு, ஆளுக்கு ஒரு தடவையாவது அனுப்பித்தானே ஆகணும்.

இந்த மாதிரிக் கச்சிதமாப் பிரியுறது எல்லாக் கணக்குலயும் அமையாது. வகுத்துச் சில்லறை வந்துட்டா பெரும்பாலும் அமையாது. நாலஞ்சு பேரு கணக்குன்னா ரெண்டு நிமிசம் தேடிப் பாருங்க. பதினஞ்சு பேரு போயிருந்தா முப்பத்தி ரெண்டாயிரத்துக்கு மேல சேர்க்கை வரும், தேடாதீங்க, பதினாலு தடவையில முடிச்சிட்டு வேற சோலியைப் பாருங்க. பத்து ரூவா, அஞ்சு ரூவா வித்தியாசத்துலதான் பிரியாம நிக்குதுன்னா, அதை ஒருத்தன் விட்டுக்கொடுத்தா ஒரு அனுப்பல் மிச்சம். எங்க செட்டுல அதிகம் வரவேண்டியவன் தலையிலதான் அதைக் கட்டுவோம்.

ஒரு சண்டை கட்டாயம் வரும், இப்பமே சொல்லிருதேன். செல்வம் கேப்பான், "வேனுக்குக் கொடுத்தது இசக்கி, நான் எதுக்குவே சுடலைக்கு அனுப்பணும்?" அவன் பரோட்டாவுக்குக் கொடுத்த 2000-ல இசக்கி பங்கும் இருக்கு, சுடலை பங்கும் இருக்கு, எல்லாம் கழிஞ்சு நிக்குற பாக்கிதான் இந்த 300-ன்னு சொல்லுங்க. அப்படியும் அவன் இசக்கிக்கே அனுப்பிட்டான்னா, இசக்கி அதே 300-ஐச் சுடலைக்குத் தள்ளிவிட்டாப் போதும். அஞ்சாவது தடவை ஆகும், அவ்வளவுதான்.

வழியில எவனாவது ஒருத்தன் கையில காசு கொடுத்திருந்தா அதையும் விட்டுராதீங்க. பேச்சிமுத்து வேன் ஏறும்போது இசக்கி கையில 500 கொடுத்திருந்தான்னா, அது புதுச் செலவு இல்ல. பேச்சிமுத்து கொடுத்ததுல 500 கூட்டி, இசக்கி கொடுத்ததுல 500 கழிச்சிருங்க. அவன் 1800 அனுப்பினா போதும், மத்த மூணு பேரு அனுப்புறதுல ஒரு ரூவா மாறாது.