மூன்றாம் நாளின் ஐஎன்ஆர்

மாணவ மாணவியர் அனைவருக்கும் வணக்கம்.

ரத்த உறைவைத் தடுக்கும் மருந்துகளைப் பற்றி உங்கள் பாடநூலில் நீண்ட பட்டியல்கள் இருக்கின்றன. அவற்றை இங்கே திருப்பிச் சொல்லப்போவதில்லை. ஒரே ஒரு நோயாளியை எடுத்துக்கொண்டு, அவர் வார்டுக்கு வந்த நாளிலிருந்து வீடு திரும்பிச் சில வாரங்கள் ஆகும் வரை அவருடனேயே போகலாம். பாடத்துக்காக நான் அமைத்துக்கொண்ட நோயாளிதான் அவர். ஆனால் அவருக்கு நேர்பவை எல்லாம் வார்டுகளில் உண்மையிலேயே நேர்பவை.

அந்த அம்மாவுக்கு வயது 58, எடை 60 கிலோ. இடது கால் வீங்கி வலிக்கிறது. அல்ட்ராசவுண்டில் தொடையின் ஆழ்சிரையில் ரத்தக்கட்டி தெரிகிறது. மருத்துவர் ஹெப்பாரின் எழுதுகிறார்: முதலில் கிலோவுக்கு 80 யூனிட் வீதம் 4,800 யூனிட், தொடர்ந்து மணிக்குக் கிலோவுக்கு 18 யூனிட் வீதம் 1,080 யூனிட். அன்று மாலையே வார்ஃபரின் 5 மில்லிகிராம் மாத்திரையும் தொடங்குகிறது. இரண்டு மருந்துகள் ஏன் என்று அந்த அம்மா கேட்பார். பதிலை மூன்றாம் நாளில் பார்ப்போம்.

ஹெப்பாரின் உடனே வேலை செய்யும். நிறுத்தினால் சில மணி நேரத்தில் அதன் விளைவு போய்விடும். ரத்தம் உறைய எத்தனை விநாடி ஆகிறது என்று பார்த்து அதைக் கண்காணிக்கும் சோதனை ஏபிடிடி. இயல்பாக அது 30 விநாடிக்கு அருகில் இருக்கும். சிகிச்சையின்போது அது ஒன்றரை முதல் இரண்டரை மடங்கு வரை, அதாவது ஏறத்தாழ 45 முதல் 75 விநாடி வரை இருக்க வேண்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வோர் ஆய்வகமும் தன் வினைபொருளுக்கு ஏற்ப எல்லை வகுத்திருக்கும். உங்கள் மருத்துவமனையின் எல்லை எதுவோ அதுவே உங்களுக்குக் கணக்கு. மருந்து தொடங்கி 6 மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்கிறோம். அளவை மாற்றும் ஒவ்வொரு முறையும் மறுபடி 6 மணி நேரம். அதற்கு முன் எடுத்தால் மருந்து நிலைப்படும் முன்பே தீர்ப்பு எழுதுவது போலாகிவிடும்.

நம் நோயாளியின் முதல் ஏபிடிடி 130 விநாடி என்று வருகிறது. பார்த்தவுடன் ஹெப்பாரினை ஏற்றும் பம்பை நிறுத்தத்தான் கை போகும். ஆனால் அதற்கு முன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: எந்தக் கையில் ரத்தம் எடுத்தார்கள்? ஹெப்பாரின் வலது முன்கையில் ஏறிக்கொண்டிருக்கிறது. ரத்தம் அதே கையில், ஊசிக்கு மேலே எடுக்கப்பட்டிருக்கிறது. அந்தக் குழாயில் இருந்தது நோயாளியின் ரத்தம் மட்டுமல்ல, பம்பிலிருந்து நேரே வந்த ஹெப்பாரினும்தான். மருத்துவரிடம் சொல்லி உடனே இடது கையில் மறுபடி எடுக்கிறோம். 68 விநாடி. அளவு சரியாகவே இருந்திருக்கிறது. முதல் எண்ணை நம்பி மருந்தை நிறுத்திக் குறைத்திருந்தால், கட்டி வளர இடம் கொடுத்திருப்போம்.

குழாயும் ஏமாற்றும். உறைதல் சோதனைக்கான இளநீல மூடிக் குழாயில் ஒன்பது பங்கு ரத்தத்துக்கு ஒரு பங்கு சிட்ரேட் என்ற கணக்கில் திரவம் இருக்கிறது. கோடு வரை ரத்தம் நிரம்பாவிட்டால் சிட்ரேட் மிகுதியாகி, உறையும் நேரம் பொய்யாக நீளும். எடுத்ததும் மூன்று நான்கு முறை மெல்லக் கவிழ்த்து நிமிர்த்துங்கள், குலுக்காதீர்கள். ஆய்வகம் தப்பு செய்துவிட்டது என்று நாம் சொல்லும் பல முடிவுகள் படுக்கையருகே, நம் கையிலேயே கெட்டுப்போனவை என்பது என் உறுதியான கருத்து.

இப்போது மூன்றாம் நாள். வார்ஃபரினைக் கண்காணிக்கும் ஐஎன்ஆர் 2.2 என்று வருகிறது. இந்த நோய்க்கு இலக்கு 2 முதல் 3. ஐஎன்ஆர் என்பது புரோத்ராம்பின் நேரத்தை எல்லா ஆய்வகங்களுக்கும் பொதுவாக்கும் எண்:

```
INR = (PT நோயாளி ÷ PT இயல்பு) ^ ISI
```

PT என்பது புரோத்ராம்பின் நேரம், ISI என்பது ஆய்வகம் பயன்படுத்தும் வினைபொருளின் உணர்திறனைக் குறிக்கும் எண். இயல்பு 12 விநாடி என்று கொள்ளுங்கள். ISI 1.0 உள்ள வினைபொருளில் 26 விநாடியும், 1.5 உள்ளதில் 20 விநாடியும் ஏறத்தாழ ஒரே ஐஎன்ஆரைத்தான் தரும், 2.2. விநாடிகளை ஒப்பிடக் கூடாது என்பதற்கு இது போதும்.

ஐஎன்ஆர் இலக்குக்குள் வந்துவிட்டதே, ஹெப்பாரினை நிறுத்திவிடலாமா? கூடாது. ஏன் என்று சொல்கிறேன். வார்ஃபரின் ரத்தத்தில் ஏற்கெனவே இருக்கும் உறைதல் காரணிகளைத் தொடுவதில்லை. வைட்டமின் கே மறுபடி பயன்பாட்டுக்கு வருவதைத் தடுத்து, கல்லீரலில் காரணிகள் 2, 7, 9, 10 ஆகியவை முழுமை பெறாமல் செய்கிறது. ஆலையை மூடினாலும் கிடங்கில் இருக்கும் சரக்கு தீர நாளாகும். முதலில் தீர்வது காரணி 7. அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 6 மணி நேரம்தான். அது குறைந்தவுடன் ஐஎன்ஆர் ஏறிவிடுகிறது. ஆனால் கட்டி வளர்வதைத் தடுக்கக் குறைய வேண்டியது முக்கியமாகக் காரணி 2, அதாவது புரோத்ராம்பின். அதன் அரை ஆயுள் ஏறத்தாழ 60 முதல் 70 மணி நேரம். மூன்றாம் நாளில் அது இன்னும் போதிய அளவு மிச்சமிருக்கிறது. போதாக்குறைக்கு, உறைதலை இயல்பாகக் கட்டுப்படுத்தும் புரதம் சி-யும் வார்ஃபரினால் வெகு சீக்கிரம் குறைந்துவிடுகிறது. ஆகவே முதல் சில நாட்களில் வார்ஃபரின் மட்டும் கொடுத்தால், ரத்தம் உறையும் பக்கமே சாயக்கூடும்.

அதனால்தான் விதி இரண்டு பகுதியாக இருக்கிறது: இரண்டு மருந்தும் குறைந்தது 5 நாள் சேர்ந்து போக வேண்டும், ஐஎன்ஆர் 2 அல்லது அதற்கு மேல் குறைந்தது 24 மணி நேரம் நிலைத்திருக்க வேண்டும். இரண்டும் நிறைவேறிய பிறகே ஹெப்பாரின் நிற்கும். நம் நோயாளிக்கு ஐந்தாம் நாள் 2.5, ஆறாம் நாள் 2.4. இப்போது நிறுத்தலாம்.

இடையில் தட்டணுக்களை மறக்காதீர்கள். ஹெப்பாரின் தொடங்கி 5 முதல் 10 நாளுக்குள் அவை தொடக்க அளவிலிருந்து பாதிக்கும் கீழே இறங்கினால், 2,80,000 இருந்தது 1,30,000 ஆனால், உடனே மருத்துவருக்குச் சொல்லுங்கள். ஹெப்பாரினே தூண்டும் அந்த நிலையில் பெரிய ஆபத்து ரத்தக்கசிவு அல்ல, புதிய கட்டிகள்.

ரத்தக்கசிவுக்கு வருவோம். ஈறில் ரத்தம், மூக்கில் ரத்தம், ஊசி போட்ட இடத்தில் பரவும் கன்றல், சிவந்த சிறுநீர் ஆகியவை கண்ணில் படும், நோயாளியே சொல்லிவிடுவார். என் கவலை கண்ணில் படாதவற்றைப் பற்றியது. ஹெப்பாரின் ஏறும் ஒருவர் இரவில் இடுப்பு வலிக்கிறது என்கிறார். படுக்கை சரியில்லை என்று தலையணை வைத்துவிட்டுப் போகத் தோன்றும். போகாதீர்கள், நாடியைப் பிடியுங்கள். மாலையில் 84 இருந்தது இப்போது 112. ரத்த அழுத்தம் 126-இலிருந்து 104. வயிற்றறைக்குப் பின்னால் ரத்தம் தேங்குகிறது என்று ஐயப்பட இது போதும். மருத்துவரை உடனே அழைத்து, பம்பை நிறுத்த உத்தரவு பெறுங்கள். உங்கள் வார்டின் நெறிமுறை அனுமதித்தால் நிறுத்திவிட்டே அழையுங்கள். ஹீமோகுளோபினுக்கும் ரத்தப் பொருத்தத்துக்கும் ரத்தம் எடுங்கள். ஹெப்பாரினை முறிக்கும் மருந்தான புரோட்டமினைக் கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். ஆனால் ஹீமோகுளோபின் இயல்பாக வந்தது என்று நிம்மதி அடைந்துவிட வேண்டாம்; திடீர் ரத்தக்கசிவின் முதல் மணிகளில் அது குறையாமலே இருக்கலாம். இதயத் துடிப்பைக் குறைக்கும் பீட்டா பிளாக்கர் மாத்திரை எடுப்பவருக்கு நாடியும் ஏறாது. அவருடைய வெளிறிய முகமும் வியர்வையும் குறையும் சிறுநீருமே துப்பு.

தலைவலி, வாந்தி, குழப்பம், பேச்சுக் குழறல் ஆகியவற்றுக்குக் காத்திருப்பே கூடாது. கீழே விழுந்து தலையில் அடிபட்டவர் நன்றாக இருக்கிறேன் என்று சொன்னாலும் அவரைப் பரிசோதித்தாக வேண்டும். மலம் கறுப்பாகப் போனால், இரும்புச்சத்து மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேளுங்கள். ஆனால் தார் போல ஒட்டி, துர்நாற்றம் வீசினால் மாத்திரையின் மேல் பழி போட்டுவிட்டு நகராதீர்கள்.

நம் நோயாளி ஐஎன்ஆர் 2.4 உடன் வீட்டுக்குப் போகிறார். வாசலில் யாரோ அவசரமாகச் சொல்லி அனுப்புகிறார்கள்: "கீரையே சாப்பிடாதீர்கள்." இந்த ஒரு வாக்கியம் செய்யும் கேட்டைப் பாருங்கள். வாரத்தில் நான்கு நாள் கீரை சாப்பிட்டவர் அவர். வார்டிலும் அவருடைய சாப்பாட்டில் அது இருந்தது. 5 மில்லிகிராம் என்ற அளவு அந்த உணவோடு சேர்ந்துதான் அமைந்தது. வீட்டில் அடியோடு நிறுத்துகிறார். உணவிலிருந்து வரும் வைட்டமின் கே குறைய, இரண்டு வாரத்தில் ஐஎன்ஆர் 3.9. மருத்துவர் மாத்திரையைக் குறைக்கிறார். கீரை இல்லாத சாப்பாடு அலுத்துப்போய், அவர் மறுபடி தினமும் சாப்பிடத் தொடங்குகிறார். ஐஎன்ஆர் 1.5. கால் மறுபடி வீங்கினால் யாரைக் குறை சொல்வது?

சொல்ல வேண்டியது இது: "நீங்கள் வழக்கமாகச் சாப்பிடுவதையே சாப்பிடுங்கள், வாரத்துக்கு வாரம் அளவை மாற்றாதீர்கள்." அதற்கு முன், ஒரு வாரத்தில் என்னென்ன சாப்பிடுவார் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கீரைகள், முட்டைக்கோஸ், புரோக்கோலி போன்ற பச்சைக் காய்கள் எத்தனை நாள்? சமைப்பவர் வேறொருவர் என்றால் அவரையும் உட்கார வையுங்கள். காய்ச்சலிலோ வயிற்றுப்போக்கிலோ சில நாள் சாப்பிடாமல் கிடந்தாலும் ஐஎன்ஆர் ஏறும். அப்போது தகவல் சொல்லச் சொல்லுங்கள். மதுவைத் தவிர்க்கச் சொல்லுங்கள். மூலிகை மருந்தும் சத்து மாத்திரையும் கேட்காமல் தொடங்கக் கூடாது.

புதிய மருந்து எதுவானாலும் அப்படியே. சிறுநீர்த் தொற்றுக்குக் கோட்ரைமாக்சசோல் எழுதப்பட்டால் சில நாளிலேயே ஐஎன்ஆர் உயரலாம். வழக்கமான தேதி வரை காத்திருக்காமல் முன்கூட்டியே சோதிக்க வேண்டும். ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் வேறு வகை. ஐஎன்ஆர் சரியாகவே இருக்கும். வயிற்றுப் புண்ணில் ரத்தம் கசியும். எண்ணை மட்டும் பார்ப்பவருக்கு இது தெரியவே தெரியாது. ரிவரோக்சபான், அபிக்சபான் போன்ற புதிய மாத்திரைகளுக்கு ஐஎன்ஆரை வைத்து அளவு பார்ப்பதில்லை, கீரைக் கணக்கும் இல்லை. அங்கே கவனிக்க வேண்டியது சிறுநீரகச் செயல்பாடும் வேளை தவறாமையும்.

கற்பித்து முடித்ததும் "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அதற்குப் பதிலாக அந்த அம்மாவிடம் இப்படிக் கேளுங்கள்: "இன்று மாலை மாத்திரை போட மறந்துவிட்டு, நாளை காலையில்தான் நினைவு வருகிறது. என்னம்மா செய்வீர்கள்?" அன்றிரவுக்குள் நினைவு வந்திருந்தால் போட்டிருக்கலாம். மறுநாள் ஆகிவிட்டதால் விட்டுவிட்டு, மாலையில் வழக்கமான ஒரு மாத்திரை மட்டும் போட்டு, தவறியதை அட்டையில் குறித்துக்கொள்ள வேண்டும். "இரண்டாகப் போட்டுக்கொள்வேன்" என்று அவர் சொன்னால், அவரை இன்னும் வீட்டுக்கு அனுப்பாதீர்கள். நாற்காலியை இழுத்துப் போட்டு மறுபடி தொடங்குங்கள்.